ஸ்பெஷல் எஜுகேட்டர் ஆகணுமா? கோர்ஸ்ல இருந்து ஆர்சிஐ நம்பர் வாங்குற வரைக்கும், படிப்படியா

சாதாரண பி.எட். முடிச்சிட்டு ஸ்கூல்ல வேலை பாத்துட்டு இருக்கீங்க, கிளாஸ்ல ரெண்டு மூணு பசங்க எழுத்துக்கூட்டி படிக்கவே திணறுறாங்க, அவங்களுக்கு சொல்லிக்குடுக்கணும்னு ஆசை வந்திருச்சு, இல்ல உங்க ஸ்கூல் நிர்வாகமே "ஸ்பெஷல் எஜுகேட்டர் போஸ்ட்டுக்கு நீங்களே வாங்களேன்"னு கேக்குறாங்க. இப்படி இருக்கவங்களுக்குத்தான் இத எழுதுறேன். நான் இதுக்காக அலைஞ்சப்ப தமிழ்ல ஒரே இடத்துல எல்லாத்தையும் சொல்ல ஆள் இல்ல, ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க, பாதி தப்பு. தமிழ்நாட்டுல இருக்கவங்கள மனசுல வச்சு எழுதுறேன், ஆனா பதிவு விஷயம் இந்தியா முழுக்க ஒண்ணுதான்.

1. உங்களுக்கு வேணுங்குறது ரெண்டு பேப்பர், ஒண்ணு இல்ல

முதல் பேப்பர் ஸ்பெஷல் எஜுகேஷன்ல ஒரு டிப்ளமோ இல்ல டிகிரி. ரெண்டாவது, அத வச்சு ஆர்சிஐல வாங்குற பதிவுச் சான்றிதழ். ஆர்சிஐன்னா இந்திய மறுவாழ்வு கவுன்சில், டெல்லியில இருக்கு, 1992ல போட்ட சட்டப்படி நடக்குது. அவங்க வச்சிருக்க பதிவேட்டுக்கு மத்திய மறுவாழ்வுப் பதிவேடுன்னு பேரு, எல்லாரும் சுருக்கமா சிஆர்ஆர்னு சொல்லுவாங்க. இன்டர்வியூல "சிஆர்ஆர் நம்பர் இருக்கா"ன்னு கேட்டா இதத்தான் கேக்குறாங்க.

கோர்ஸ் முடிச்சா போதும், பதிவெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்னு நிறைய பேர் விட்டுடுறாங்க. அந்த சட்டத்தோட 13ஆவது பிரிவுப்படி பதிவு இல்லாம இந்த தொழில செய்றது குற்றம், ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல ஆயிரம் ரூபா வரைக்கும் அபராதம் இல்ல ரெண்டுமேன்னு இருக்கு. யாரையும் புடிச்சு உள்ள போட்டதா நான் கேள்விப்பட்டதில்ல, ஆனா ஸ்கூலுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வரும்போது ஃபைல்ல உங்க நம்பர் இல்லன்னா முதல்ல உங்கள கணக்குலயே எடுத்துக்க மாட்டாங்க.

2. எந்த கோர்ஸ், எந்தப் பிரிவு

பன்னெண்டாவது முடிச்சவங்களுக்கு டி.எட். ஸ்பெஷல் எஜுகேஷன்னு ரெண்டு வருஷ டிப்ளமோ இருக்கு. டிகிரி முடிச்சவங்களுக்கு பி.எட். ஸ்பெஷல் எஜுகேஷன். ரெகுலர்ல ரெண்டு வருஷம், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மாதிரி தொலைதூரத்துல பண்ணா ரெண்டரை வருஷம். ஆர்சிஐ இப்ப நாலு வருஷ ஒருங்கிணைந்த கோர்ஸ் பக்கம் நகர ஆரம்பிச்சிருக்கு, அதனால போன வருஷம் ஒரு காலேஜ்ல ரெண்டு வருஷ கோர்ஸ் நடந்துச்சுன்னு இந்த வருஷமும் நடக்கும்னு எண்ணிக்காதீங்க, சேர்ற வருஷத்துக்கு கேட்டுக்குங்க.

ஏற்கனவே சாதாரண பி.எட். இருக்கே, அதோட ஏதாவது சின்னதா சேத்துக்க முடியாதான்னு எல்லாரும் கேப்பாங்க, நானும் கேட்டேன். சாதாரண பி.எட்.லயும் இப்ப உள்ளடக்கிய கல்வின்னு ஒரு பேப்பர் இருக்கு, அத படிச்சதுனால பதிவு கிடைக்காது. பி.எட். முடிச்சவங்களுக்கான சிறப்புக் கல்வி டிப்ளமோக்கள் சில பல்கலைக்கழகங்கள்ல நடக்கும், அதுலயும் நீங்க சேர்ற பேட்சுக்கு ஆர்சிஐ அனுமதி இருந்தாத்தான் பிரயோஜனம்.

அடுத்து பிரிவு. இந்த கோர்ஸ் எல்லாம் ஒரு குறைபாட்ட மையமா வச்சுத்தான் இருக்கும், பார்வை, செவித்திறன், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடுன்னு. நீங்க எடுக்குற பிரிவு உங்க சர்டிஃபிகேட்லயும் வரும், பதிவுலயும் வரும். டிஸ்லெக்சியா பசங்களுக்கு சொல்லிக்குடுக்கத்தான் வரேன்னு தெளிவா இருந்தா கற்றல் குறைபாடு பிரிவு நேரா பொருந்தும், ஆனா அது எல்லா ஊர்லயும் கிடைக்காது. அறிவுசார் குறைபாடு பிரிவு பரவலா கிடைக்குது, தனியார் ஸ்கூல்கள்ல பெரும்பாலும் அதையும் ஏத்துக்குறாங்க, ஏன்னா அங்க வர்ற பசங்க கலவையாத்தான் இருப்பாங்க. என்னோட அபிப்ராயம், பிரிவுக்காக வேற ஊருக்கு வீட்ட மாத்துற அளவுக்கு போகவேணாம், உங்க ஊர்லயே ஒழுங்கா ட்ரெயினிங் தர்ற இடத்துல எந்தப் பிரிவு இருக்கோ அத எடுங்க. பார்வையும் செவித்திறனும் மட்டும் வேற கதை. பிரெயிலும் சைகை மொழியும் கத்துக்க வேண்டியிருக்கும், அந்த வேலையில இருக்கணும்னு முடிவு பண்ணவங்க மட்டும் எடுங்க.

3. காசு கட்டுறதுக்கு முன்னாடி அங்கீகாரத்த நீங்களே பாருங்க

எல்லாரும் மாட்டுற இடம் இதுதான். "லேர்னிங் டிசெபிலிட்டி டிப்ளமோ, ஆறு மாசம், வீட்ல இருந்தே, சர்டிஃபிகேட் உண்டு"ன்னு ஃபேஸ்புக்ல விளம்பரம் வரும், ஃபீஸும் பாத்தா பெருசா இருக்காது, பாடமும் சில சமயம் நல்லாவே இருக்கும். கத்துக்கறதுக்கு படிங்க, தப்பில்ல. ஆனா அத வச்சு சிஆர்ஆர் நம்பர் வராது. ஷேடோ டீச்சர் கோர்ஸ், ரெமிடியல் டீச்சிங் கோர்ஸ், வார இறுதி ஒர்க்‌ஷாப் எல்லாத்துக்கும் இதே கதைதான். "சர்வதேச அங்கீகாரம்", "ஐஎஸ்ஓ", "அரசு பதிவு பெற்ற அறக்கட்டளை" இந்த வார்த்தைகள்ல எதுக்கும் ஆர்சிஐ அங்கீகாரம்னு அர்த்தம் கிடையாது.

எப்படி செக் பண்றது? rehabcouncil.nic.in போங்க, அதுல அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்கள் பட்டியல் இருக்கும், மாநிலம் வாரியா தேடலாம். நிறுவனத்தோட பேரு அந்த லிஸ்ட்ல இருக்குறத பாத்ததும் நிம்மதியா மூடிடாதீங்க, இன்னும் மூணு விஷயம் பாக்கணும்.

ஒண்ணு, நீங்க சேரப்போற கோர்ஸ் பேரு அங்க இருக்கா. ஒரு காலேஜுக்கு டிப்ளமோவுக்கு மட்டும் அனுமதி இருக்கும், ஆனா போர்டுல "ஆர்சிஐ அங்கீகாரம் பெற்றது"ன்னு பொதுவா எழுதிட்டு அனுமதி இல்லாத இன்னொரு கோர்ஸையும் சேத்து நடத்துவாங்க. ரெண்டு, உங்க பிரிவுக்கு அனுமதி இருக்கா. அறிவுசார் குறைபாட்டுக்கு வாங்கின அனுமதி கற்றல் குறைபாட்டுக்கு செல்லாது. மூணாவதுதான் ரொம்ப முக்கியம், எந்த கல்வியாண்டு வரைக்கும்னு பாருங்க. ஆர்சிஐ அனுமதி ஒருதடவ குடுத்தா நிரந்தரம்னு கிடையாது, குறிப்பிட்ட வருஷங்களுக்குத்தான், அப்புறம் நிறுவனம் புதுப்பிக்கணும். "போன தடவ கிடைச்சது, இந்த தடவையும் வந்திடும், நீங்க அட்மிஷன் போட்டுருங்க"ன்னு சொல்லுவாங்க. போடாதீங்க. என்கூட ட்ரெயினிங்ல பழக்கமான ஒருத்தங்க அப்படித்தான் சேந்தாங்க, அனுமதி தாமதமாச்சு, அந்த பேட்சே கணக்குல வரல, கட்டின ஃபீஸ் பாதிதான் திரும்ப வந்துச்சு. அனுமதிக் கடிதத்தோட நகல கேட்டு வாங்கி, அதுல வருஷத்த பாத்துட்டு பணம் கட்டுங்க, தர மாட்டேன்னு சொன்னா அதுவே பதில்தான்.

தொலைதூரக் கல்வின்னா இன்னொரு படி இருக்கு. ஆர்சிஐ அனுமதியோட யுஜிசியோட தொலைதூரக் கல்விப் பிரிவு அனுமதியும் அந்த வருஷத்துக்கு இருக்கணும். அதோட பயிற்சி எடுக்கப்போற ஸ்டடி சென்டர் எங்கன்னும் கேட்டுக்குங்க, பல்கலைக்கழகம் சரியா இருந்தும் சென்டர் நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தா வேலைக்கு போயிட்டு படிக்கிறவங்களால தாக்குப்பிடிக்க முடியாது.

4. செலவும் நேரமும்: ஃபீஸ் மட்டும் பாத்து பட்ஜெட் போடாதீங்க

ஃபீஸ் இடத்துக்கு இடம் ரொம்ப மாறும், அரசு சார்ந்த இடத்துக்கும் தனியார் காலேஜுக்கும் பல மடங்கு வித்தியாசம் இருக்கும், அதனால ஒரு தொகைய சொல்லி உங்கள குழப்பல. யாரும் முன்கூட்டி சொல்லாத செலவுதான் கடிக்கும். பி.எட். ஸ்பெஷல் எஜுகேஷன்ல செய்முறை ரொம்ப அதிகம், உங்க பிரிவுக்கான சிறப்புப் பள்ளியில ஒரு பகுதி, வேற குறைபாட்டுப் பசங்க படிக்கிற பள்ளியில ஒரு பகுதி, சாதாரண பள்ளியில உள்ளடக்கிய கல்வி நடக்குற வகுப்புல ஒரு பகுதின்னு மூணு விதமான இடத்துக்கு போய் வரணும். பஸ் செலவு, கற்பித்தல் உபகரணம் செய்ற செலவு, ரெக்கார்டு நோட்டு, பிரிண்ட் அவுட் இதெல்லாம் சேந்து சின்னத் தொகையா இருக்காது, தனியா எடுத்து வச்சுக்குங்க.

வேலையில இருக்கவங்க ஸ்கூல்ல லீவு பத்தி முதல்லயே எழுத்துல பேசிக்குங்க. செய்முறை நாட்கள் தொடர்ச்சியா வரும், சனி ஞாயிறுல முடிச்சிட முடியாது, பள்ளிக்கூடம் நடக்குற நாள்லதான பசங்க இருப்பாங்க. "வாரத்துல ஒருநாள் வந்தா போதும்"னு ஒரு சென்டர் சொன்னா சந்தோஷப்படாதீங்க, வருகைப் பதிவு குறைஞ்சா பரீட்சைக்கு விடமாட்டாங்க.

இன்னொண்ணு, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுதுவீங்க, எல்லாரும் ஐஈபின்னு சொல்றது. பசங்க பேர மறைச்சிட்டு அதோட காப்பி நாலஞ்ச பத்திரமா வச்சுக்குங்க. பின்னாடி இன்டர்வியூல "ஒரு ஐஈபி காட்டுங்க"ன்னு கேக்குறது சகஜம், டிகிரி மார்க்க விட அதத்தான் நல்லா புரட்டிப் பாக்குறாங்க.

5. உங்க பேரு: இப்பவே உக்காந்து சரிபண்ணுங்க

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது தனி தலைவலி, இனிஷியலால வர்ற வினை. வடக்க ஃபார்ம்ல முதல் பேரு, கடைசி பேருன்னு கேப்பாங்க, நமக்கு இருக்குறது ஒரு பேரும் ஒரு எழுத்தும்.

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். பத்தாவது மார்க்ஷீட்ல "கவிதா ஆர்"னு இருக்கு. ஆதார்ல "கவிதா ராமசாமி"ன்னு அப்பா பேர விரிச்சு போட்டுட்டாங்க. டிகிரியில "ஆர். கவிதா". கல்யாணம் ஆனதுக்கப்புறம் பான் கார்டுல "கவிதா செந்தில்குமார்". நமக்கு பாத்தா நாலும் ஒரே ஆளு, டெல்லியில உக்காந்து பாக்குறவருக்கு நாலு பொம்பளைங்க. அப்ளிகேஷன் திரும்பி வரும், திரும்பி வந்ததுனு உங்களுக்கு தெரியுறதுக்கே நாளாகும்.

என்ன பண்ணணும்னா, பத்தாவது மார்க்ஷீட்ட அடிப்படையா வச்சுக்குங்க, பிறந்த தேதிக்கும் அதுதான் ஆதாரம். கோர்ஸ்ல சேர்றப்பவே அட்மிஷன் ஃபார்ம்ல அந்தப் பேரையே எழுத்துக்கு எழுத்து, இனிஷியல் முன்னாடியா பின்னாடியாங்குறது உட்பட அப்படியே போடுங்க, ஏன்னா அதேதான் உங்க மார்க்ஷீட்டுக்கும் சர்டிஃபிகேட்டுக்கும் போகும், பிரிண்ட் ஆனதுக்கப்புறம் மாத்துறது பெரிய கூத்து. கவிதா விஷயத்துல, புது கோர்ஸ்ல "கவிதா ஆர்"னு சேரணும், ஆதாரையும் அதேமாதிரி மாத்தணும். ஆதார்ல பேர் மாத்த வாழ்க்கைல ரெண்டே வாய்ப்புதான், அதனால யோசிக்காம போய் மாத்திட்டு வராதீங்க, எல்லா பேப்பரையும் ஒண்ணா மேசையில பரப்பி வச்சு எந்த வடிவம்னு முடிவு பண்ணிட்டு போங்க. டிகிரியில இனிஷியல் இடம் மாறி இருக்குறதுக்கு "ரெண்டும் ஒரே நபர்"னு நோட்டரிகிட்ட ஒரு அஃபிடவிட் போட்டு ஸ்கேன் பண்ணி வச்சுக்குங்க. பேரே மாறியிருந்தா, அதாவது மதம் மாறியோ நியூமராலஜி பாத்தோ புதுப்பேரு வச்சிருந்தா, அஃபிடவிட்ட நம்பாதீங்க, அரசிதழ்ல வந்த பேர் மாற்ற அறிவிப்பு வேணும்.

6. சிஆர்ஆர் அப்ளிகேஷன் போடுறது

விண்ணப்பம் ஆன்லைன்தான், ஆர்சிஐ தளத்துல இருந்தே பதிவுப் பக்கத்துக்கு போகலாம். நாங்க வாங்கித் தரோம்னு சொல்ற ஏஜென்ட் யாரும் வேண்டாம். ஃபீஸும் ஆன்லைன்லயே கட்டுறதுதான், எவ்வளவுன்னு ஃபார்ம்லயே காட்டும், அதுக்கு மேல யாராவது கேட்டா அது அவங்க பாக்கெட்டுக்கு.

உக்காரும்போது கையில இருக்க வேண்டியது: பத்தாவது மார்க்ஷீட், டிகிரி, ஸ்பெஷல் எஜுகேஷன் கோர்ஸோட எல்லா செமஸ்டர் மார்க்ஷீட்டும், கோர்ஸ் சர்டிஃபிகேட் இல்ல ப்ரொவிஷனல், அடையாளச் சான்று, முகவரிச் சான்று, போட்டோ, கையெழுத்து, தேவைப்பட்டா அந்த அஃபிடவிட். மொபைல்ல போட்டோ எடுத்து கோணலா நிழலோட ஏத்தாதீங்க, கடையில போய் ஒழுங்கா ஸ்கேன் பண்ணுங்க. மார்க்ஷீட்டுக்கு பின்பக்கம் ஏதாவது எழுதியிருந்தா அதையும் சேத்து ஸ்கேன் பண்ணுங்க. பாஸ் ஆகாம திரும்ப எழுதின பேப்பர் இருந்தா பழைய மார்க்ஷீட், புது மார்க்ஷீட் ரெண்டும்.

மெயில் ஐடியும் போன் நம்பரும் உங்களோடதா இருக்கட்டும். பிரவுசிங் சென்டர்காரர் மெயில போட்டுட்டு, அஞ்சு வருஷம் கழிச்சு ரினியூவலுக்கு லாகின் பண்ண முடியாம நிக்கிறவங்கள பாத்திருக்கேன்.

ஃபார்ம்ல வகை கேக்கும். டிகிரியும் அதுக்கு மேலயும் படிச்சவங்க ப்ரொஃபஷனல், டிப்ளமோ படிச்சவங்க பெர்சனெல்னு வரும். டிப்ளமோ வச்சு பதிவு பண்ணவங்க பின்னாடி பி.எட். முடிச்சா புது ஆளா திரும்ப பதிவு பண்ணக்கூடாது, ஏற்கனவே இருக்க பதிவோட கூடுதல் தகுதின்னு சேக்குறதுக்கு தனி விண்ணப்பம் இருக்கு.

ரிசல்ட் வந்ததும் உடனே போடுங்க, பட்டமளிப்பு விழா வரைக்கும் காத்திருக்காதீங்க, ப்ரொவிஷனல் ரொம்ப பழசாயிடுச்சுன்னா கேள்வி வரும். போட்டதுக்கப்புறம் வாரத்துக்கு ஒருதடவ லாகின் பண்ணி ஸ்டேட்டஸ் பாருங்க, குறை சொல்லி நிறுத்தி வச்சிருந்தா அங்கதான் தெரியும். சிலருக்கு சில வாரத்துல முடியும், சிலருக்கு மாசக்கணக்குல இழுக்கும். அதனால ஜூன்ல ஸ்கூல் வேலைக்கு போகணும்னா மே மாசம் விண்ணப்பம் போட்டுட்டு நம்பிக்கையோட இருக்காதீங்க. சில ஸ்கூல் விண்ணப்ப எண்ண காட்டினா சேத்துக்கும், நம்பர் வந்ததும் குடுங்கன்னு சொல்லும், ஆனா அதுக்கு அவங்கள கட்டாயப்படுத்த முடியாது.

7. வேலை தேடும்போது

சிபிஎஸ்இ பள்ளிகள்ல ஸ்பெஷல் எஜுகேட்டர் இருக்கணும்னு விதியே இருக்கு, தனியார்ல முதல் வாய்ப்பு அங்கதான். அரசுப் பக்கம் பாத்தா ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துல வட்டார வள மையங்கள் வழியா ஒப்பந்த அடிப்படையில சிறப்புப் பயிற்றுநர்கள் வேலை பாக்குறாங்க. 2021ல சுப்ரீம் கோர்ட் இப்படி ஒப்பந்தத்துலயே ஓட்டக்கூடாது, நிரந்தர பணியிடம் உருவாக்கணும்னு சொல்லுச்சு, ஆரம்ப வகுப்புல பத்து பிள்ளைக்கு ஒரு ஆசிரியர், அதுக்கு மேல பதினஞ்சு பிள்ளைக்கு ஒருத்தர்னு கணக்கும் குடுத்துச்சு. நடைமுறைக்கு வர்றது மாநிலத்துக்கு மாநிலம் மெதுவாத்தான் இருக்கு, அதுவரைக்கும் அரசு வேலைய மட்டும் நம்பி கோர்ஸ்ல சேராதீங்க.

ஆசிரியர் தேர்வு வாரியம் "சிறப்பாசிரியர்"னு அறிவிப்பு விட்டா அது ஓவியம், தையல், இசை, உடற்கல்விக்கு. நமக்கு இல்ல. வருஷா வருஷம் சிலபேரு ஃபீஸ் கட்டிட்டுத்தான் இத கண்டுபிடிக்கிறாங்க.

வகுப்பு ஆசிரியரா போகலாமான்னு கேட்டா, ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் டெட் பாஸ் பண்ணியிருக்கணும், சிஆர்ஆர் நம்பர் அதுக்கு மாத்து கிடையாது. அதோட 2010ல என்சிடிஇ விட்ட அறிவிப்புல, சிறப்புக் கல்வி டி.எட். இல்ல பி.எட். வச்சு வேலைக்கு சேர்றவங்க சேந்ததுக்கப்புறம் தொடக்கக் கல்வியில ஆறு மாச சிறப்புப் பயிற்சி ஒண்ணு முடிக்கணும்னு இருக்கு. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல அந்த நிபந்தனை சின்ன எழுத்துல இருக்கும், படிச்சிட்டு கையெழுத்து போடுங்க.

வேலைக்கு சேந்தபிறகு ஒரு எல்லை இருக்கு, அத மீறச்சொல்லி ஸ்கூலே கேக்கும். ஒரு பிள்ளை எங்க திணறுது, எந்த எழுத்துல மாட்டுது, எப்படி சொல்லிக்குடுத்தா போகும்னு கல்வி சார்ந்த மதிப்பீடு நீங்க பண்ணலாம், பண்ணணும். ஐக்யூ டெஸ்ட் எடுத்து "இந்தப் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா"ன்னு லெட்டர்ஹெட்ல எழுதிக் குடுக்குறது உங்க வேலை இல்ல. பரீட்சையில கூடுதல் நேரம், எழுதுறதுக்கு ஆள் மாதிரி சலுகைக்கு பெற்றோர் கேக்குற சர்டிஃபிகேட் அரசு மருத்துவ அமைப்பு தர்றது, குழந்தை மருத்துவரும் உளவியலாளரும் பாத்து தருவாங்க. அவங்க கேக்கும்போது உங்க ரிப்போர்ட்டும் நோட்டுப்புத்தக நகலும் உதவும், அதோட நிறுத்திக்கிட்டா உங்க பதிவுக்கு பாதுகாப்பு.

8. அஞ்சு வருஷம் கழிச்சு

பதிவு வாழ்நாள் முழுக்க இல்ல, அஞ்சு வருஷத்துக்குத்தான். புதுப்பிக்க அந்த அஞ்சு வருஷத்துல நூறு சிஆர்இ பாயின்ட் சேத்திருக்கணும். சிஆர்இன்னா ஆர்சிஐ அனுமதியோட நடக்குற தொடர் மறுவாழ்வுக் கல்விப் பயிலரங்கு, செமினார் எல்லாம். கணக்குப் போட்டா வருஷத்துக்கு இருபது பாயின்ட், அப்படி பிரிச்சு எடுத்தா பாரமே தெரியாது. நாலு வருஷம் சும்மா இருந்துட்டு கடைசி வருஷத்துல நூறையும் தேடினா நீங்க லீவு எடுக்குற தேதியில ப்ரோக்ராம் இருக்காது, இருக்குற ப்ரோக்ராம்ல இடம் இருக்காது. முட்டுக்காட்டுல இருக்க தேசிய நிறுவனம், அதாவது பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம், இந்த மாதிரி நிகழ்ச்சிகள் நடத்துது, அவங்க அறிவிப்புகள அப்பப்ப பாருங்க.

இதுலயும் அந்த பழைய பொறி உண்டு. எல்லா வெபினார் சர்டிஃபிகேட்டுக்கும் பாயின்ட் வராது, ஆர்சிஐ அனுமதி எண்ணும் எத்தன பாயின்டுன்னும் சர்டிஃபிகேட்ல அச்சாகியிருக்கணும். பதியும்போது உங்க சிஆர்ஆர் நம்பர சரியா அடிங்க, ஒரு எழுத்து மாறினாலும் அந்த பாயின்ட் உங்க கணக்குல சேராது. ஒவ்வொரு சர்டிஃபிகேட்டும் வந்த அன்னிக்கே ஸ்கேன் பண்ணி மெயில்ல போட்டு வச்சுக்குங்க. பதிவு முடியுற தேதிக்கு ஆறு மாசம் முன்னாடி போன்ல ரிமைண்டர் வைங்க, அதுக்குள்ள முகவரி மாறியிருந்தா அத மாத்துறதுக்கும் நேரம் கிடைக்கும். வளைகுடா பக்கம் இல்ல வேற நாட்டுக்கு வேலைக்கு போற திட்டம் இருக்கவங்க, அங்க கேக்குற நன்னடத்தைச் சான்றும் ஆர்சிஐலதான் வாங்கணும், அதுக்கு பதிவு அந்த நேரத்துல உயிரோட இருக்கணும், காலாவதி ஆன நம்பர வச்சு கேக்க முடியாது.